எடுக்கவில்லை, எடுத்ததில்லை, எடுத்தது நானில்லை

பாகூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மொப்பசான் 1883-இல் எழுதிய ‘லா ஃபிஸேல்’ என்ற சிறுகதையைத் தமிழாக்கி, ‘கயிறு’ என்று தலைப்பிட்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வில்லியனூருக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டார். “சொல்லெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஓடமாட்டேங்குது. ஏன்னு பாருங்க” என்றார்.

கதை நம்மூருக்கும் பொருந்தும். நார்மண்டியில் கோதர்வில் என்ற ஊர். சந்தை நாள். ஓஷ்கோர்ன் என்ற சிக்கனக்காரக் கிழவர் தரையில் ஒரு துண்டுக் கயிறு கிடப்பதைப் பார்த்துக் குனிந்து எடுக்கிறார். சேணம் தைக்கும் மலாந்தேன் அதைத் தன் வாசலிலிருந்து பார்க்கிறார். (பெயரைத் தமிழில் எழுதினால் தன்மை வினைமுற்று மாதிரி இருக்கிறது. அதற்கு நண்பர் பொறுப்பில்லை.) இருவருக்கும் பழைய பகை. கயிற்றைப் பொறுக்கியது பகையாளியின் கண்ணில் பட்டுவிட்டதே என்று கிழவர் வெட்கப்பட்டு அதை மறைக்கிறார். கொஞ்ச நேரத்தில் தமுக்கடிக்கிறார்கள்: 500 பிராங்க் வைத்திருந்த பணப்பை ஒன்று தொலைந்துவிட்டது. எடுத்தவர் கிழவர்தான் என்று மலாந்தேன் சொல்கிறார். மறுநாள் பை வேறொருவரிடமிருந்து திரும்பி வருகிறது. ஆனாலும் ஊர் கிழவரை நம்பவில்லை. மறுத்து மறுத்தே அவர் உடம்பு தேய்ந்து சாகிறார்.

கதை முழுக்க ஒரு மனிதன் ‘இல்லை’ என்று சொல்வதுதான். அதனால் எதிர்மறை வினை கொஞ்சம் பிசகினாலும் கதையே பிசகிவிடும். கீழே வரும் வாக்கியங்கள் மொப்பசானின் வரிகள் அல்ல. நண்பரின் நோட்டில் இருந்தவை, அல்லது நாங்கள் இருவரும் மாற்றி எழுதியவை.

முதல் பக்கத்திலேயே நெருஞ்சி குத்தியது. சந்தைக்கு ஆள் வருகிற காட்சி இப்படி இருந்தது:

அன்று சந்தை நாளாக இருந்தது. குடியானவர்கள் ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் மாடுகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். தெருவில் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது.

இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. பிழை பிரெஞ்சிலிருந்து வந்தது. அந்த மொழியில் ‘ஏம்பார்ஃபே’ என்று ஒரு இறந்தகாலம் உண்டு. நடந்துகொண்டிருந்த செயலுக்கும், வழக்கமாக நடந்த செயலுக்கும், நிலவிய நிலைக்கும் அந்த ஒரே வடிவம்தான். கதையில் பின்னணி முழுக்க அதில் வரும். சம்பவம் நடக்கும்போது ‘பாஸே சாம்ப்ள்’ என்ற வேறு வடிவத்துக்கு மாறிவிடும். புதுச்சேரிப் பள்ளிக்கூடங்களில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு ஏம்பார்ஃபே என்றால் ‘கொண்டிருந்தான்’ என்று மனப்பாடம் ஆகியிருக்கும். அங்கேதான் சிக்கல்.

தமிழில் இந்த மூன்று வேலைக்கும் மூன்று வழிகள் உண்டு. செயல் நடந்துகொண்டிருந்தால் ‘வந்துகொண்டிருந்தார்கள்’. வழக்கமாக நடந்தால் ‘வருவார்கள்’. எங்கள் தாத்தா செவ்வாய்க்கிழமைதோறும் மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போவார் என்றால், அவர் இனிமேல் போகப்போகிறார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ‘செவ்வாய்க்கிழமைதோறும்’ என்ற சொல் அதை வழக்கம் என்று காட்டிவிடுகிறது. நிலையைச் சொல்ல வினையே வேண்டாம்: ‘அன்று சந்தை நாள்’ போதும்.

நானும் நண்பரும் உட்கார்ந்து மாற்றியது இது:

அன்று சந்தை நாள். நாலா பக்கமிருந்தும் குடியானவர்கள் ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் மாட்டைப் பிடித்தபடி முன்னால் நடக்க, பெண்கள் கூடையும் கையுமாகப் பின்னால் வந்தார்கள். தெருவெல்லாம் புழுதி.

‘கொண்டிருந்தார்கள்’ ஒரே ஒரு தடவை வருகிறது. காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அது சொல்லிவிட்டது. பிறகு ‘நடக்க’ என்ற எச்சம் அதே ஓட்டத்தைத் தொடர்கிறது. ‘வந்தார்கள்’ சாதாரண இறந்தகாலம்தான், ஆனால் முன்வாக்கியம் விரித்த படுதாவின் மேல் நிற்பதால் அதுவும் பின்னணியாகவே படுகிறது. ஒவ்வொரு வாக்கியமும் தன் காலத்தைத் தானே அறிவிக்க வேண்டிய அவசியம் தமிழில் இல்லை. முதல் முற்று அறிவிக்கும், மற்றவை அதன் பின்னால் வரும்.

பழைய பகையைச் சொல்லும் இடத்திலும் இதே நோய்தான், பெயர் மட்டும் வேறு. கதை நடக்கும் நேரத்துக்கு முன்பே நடந்ததைச் சொல்ல பிரெஞ்சில் தனி வடிவம் உண்டு. அது வந்த இடமெல்லாம் நண்பர் ‘இருந்தார்’ சேர்த்திருந்தார்: தலைக்கயிறு விஷயத்தில் இருவரும் சண்டை போட்டிருந்தார்கள், அதன் பிறகு பேசாமல் இருந்திருந்தார்கள், ஒருவரையொருவர் மறக்காமல் இருந்திருந்தார்கள். ‘இருந்திருந்தார்கள்’ என்று நாக்கு இரண்டு தடவை தடுக்கினால் அங்கே ஏதோ சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்க் கதைசொல்லி பின்னோக்கிப் போகும்போது கதவைத் திறக்க ஒரு முறைதான் ‘இருந்தது’ போடுவார். உள்ளே போனபின் சாதாரண இறந்தகாலத்திலேயே நடப்பார்: ‘முன்பு ஒரு தலைக்கயிறு விஷயத்தில் இருவருக்கும் தகராறு வந்திருந்தது. அன்றோடு பேச்சு நின்றுபோயிற்று. இரண்டு பேரும் அதை மனசில் வைத்துக்கொண்டார்கள்.’ திரும்பி வருவதற்குத்தான் அடையாளம் வேண்டும். ‘இப்போது அந்த மலாந்தேன்தான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்’ என்றால் வாசகர் சந்தைத் தெருவுக்குத் திரும்பிவிடுவார். அந்த ‘இப்போது’ விட்டுப்போனால் மலாந்தேன் எந்த வருஷத்தில் நிற்கிறார் என்று தெரியாது.

இன்னொரு இடம். காவலர் தலைவர் சாப்பாட்டு விடுதிக்கு வந்து கிழவரைத் தேடுகிறார். நண்பரின் வாக்கியம்: ‘ஓஷ்கோர்ன் அங்கே இருந்தாரா என்று கேட்டார்.’ பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒருவர் சொன்னதை நாம் சொல்லும்போது உள்ளே இருக்கும் வினையும் இறந்தகாலத்துக்கு நகர்ந்துவிடும். தமிழில் நகராது. ‘என்று’ போட்டால் அவர் வாயிலிருந்து வந்த காலம் அப்படியே நிற்கும்: ‘ஓஷ்கோர்ன் அங்கே இருக்கிறாரா என்று கேட்டார்.’ நண்பர் எழுதியபடி படித்தால், கிழவர் காலையில் வந்துவிட்டுப் போய்விட்டாரா என்று விசாரிப்பது மாதிரி அர்த்தம் மாறுகிறது. ஒரு இடைநிலை மாறியதில் ஆளே விடுதியைவிட்டு எழுந்து போய்விட்டார்!

இதுவரை சொன்னது உடன்பாட்டு வினை. அங்கே காலம் வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வந்தான், வருகிறான், வருவான். நன்னூல் இடைநிலை என்று சொல்வது இந்த நடுத்துண்டைத்தான். எதிர்மறையில் அந்த நடுத்துண்டு காணாமல் போய்விடுகிறது.

‘வரவில்லை’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். வர, இல்லை. ‘வர’ வெறும் எச்சம். ‘இல்லை’ காலம் காட்டாத சொல். நேற்றும் வரவில்லை, இப்போதும் வரவில்லை, இரண்டுக்கும் ஒரே வடிவம். நான், நீ, அவள், அவர்கள் யாராக இருந்தாலும் அதே வடிவம். பழைய ‘வாரான்’ ஆளையாவது காட்டும், காலத்தை அதுவும் காட்டாது. ‘வராமல்’, ‘வராத’ இரண்டும் அப்படியே. பிரெஞ்சில் வினை எந்தக் காலத்தில் இருக்கிறதோ அதே காலத்தில் இருக்க, அதைச் சுற்றி ‘இல்லை’ என்ற சொற்களைப் போடுவார்கள், காலம் அழியாது. அந்தக் காலத்தைத் தமிழுக்குக் கொண்டுவர வழி தெரியாமல் மொழிபெயர்ப்பாளர் கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டுகிறார். ‘வந்திருக்கவில்லை’, ‘வந்துகொண்டிருக்கவில்லை’ எல்லாம் அப்படிப் பிறந்த குழந்தைகள்.

தமிழில் எதிர்மறைக்குக் காலம் வேண்டுமானால் அதை இல்லைக்கு முன்னால் ஒரு பெயராக்கி வைக்கலாம். வந்தது இல்லை, வருவது இல்லை. ஆனால் அப்படி வைத்தவுடன் காலத்தோடு வேறொரு பொருளும் ஏறிக்கொள்கிறது. ‘வந்ததில்லை’ என்றால் இன்றுவரை ஒரு தடவைகூட வந்த அனுபவம் இல்லை. ‘வருவதில்லை’ என்றால் வருகிற வழக்கம் இல்லை. ‘வரவில்லை’ என்றால் அந்தச் சம்பவம் நடக்கவில்லை. மூன்றும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல.

இதை வைத்துக்கொண்டு மேயர் முன்னால் நிற்கும் கிழவரிடம் போவோம். பை விஷயமாகக் கேட்டதும் அவர் மறுக்க வேண்டும். நோட்டில் ‘நான் அந்தப் பையை எடுத்திருக்கவில்லை’ என்று இருந்தது. இது வக்கீல் நோட்டீஸ் பேசுகிற மாதிரி. ஏற்கெனவே நடந்ததைக் கேட்கிறார்கள் என்பதால் நண்பர் முந்திய காலத்தைச் சேர்த்திருக்கிறார். தேவையே இல்லை. கேள்வியே நேரத்தைச் சொல்லிவிட்டது.

‘எடுத்ததில்லை’ என்று மாற்றலாமா என்று நண்பர் கேட்டார். மாற்றினால் ‘என் ஆயுசிலேயே யார் பையையும் எடுத்தது கிடையாது’ என்ற நியாயத்துக்குப் போய்விடும். கிழவர் அதையும் சொல்லலாம், ஆனால் அது வேறு வாதம். மேயர் கேட்டது இன்று காலை நடந்ததைப் பற்றி.

அடுத்து அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த பிழை: ‘எடுத்தது நானில்லை.’ கேட்க இயல்பாக இருக்கிறது, பேச்சுத் தமிழ். ஆனால் இந்த வாக்கியம் யாரோ எடுத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறது. ஆள் வேறு என்று மட்டும் சொல்கிறது. இந்தக் கதையில் அந்த ஒப்புதல் ஆபத்து. பிறகு பை வேறொருவரிடமிருந்து வந்ததும் ஊர் என்ன சொல்கிறது? கூட்டாளியை விட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறான் என்கிறது. கிழவர் வாயில் ‘எடுத்தது நானில்லை’ என்று வைத்தால் ஊரின் சந்தேகத்துக்கு மொழிபெயர்ப்பாளரே விதை போட்ட மாதிரி ஆகும். ஆகவே அங்கே நிற்க வேண்டியது ‘நான் எடுக்கவில்லை’ மட்டும். அழுத்தம் வேண்டுமானால் ‘எடுக்கவே இல்லை’. பேச்சாக வைத்தால் நம் பக்கத்து ‘எடுக்கல’. கதைசொல்லி எழுத்துத் தமிழில் இருந்து, பாத்திரம் மட்டும் ‘எடுக்கல’ என்று பேசினால் இடறாது. இரண்டும் ஒரே பத்தியில் ஆள் மாறி உட்கார்ந்தால்தான் இடறும்.

கிழவர் தான் எடுத்ததைக் காட்டும்போது மட்டும் அமைப்பு மாற வேண்டும்: ‘நான் எடுத்தது பை அல்ல, கயிறு.’ எடுத்தது உண்மை, பொருள்தான் வேறு. செயலை மறுக்கும் ‘வில்லை’ இங்கே உதவாது. ஒரு பொருள் இன்னொன்று ஆகாது என்று சொல்லும் ‘அல்ல’ வேண்டும். பேச்சில் இங்கேயும் ‘இல்லை’ என்போம், அது தப்பில்லை. ஆனால் எழுத்து நடையில் கதை சொல்கிறவர் ‘அல்ல’வைக் கைவிட்டால் ‘பை இல்லை’ என்பது பையே கையில் கிடையாது என்றும் படிக்கும்.

‘மாட்டார்’ பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நோட்டில் அது களை மாதிரி முளைத்திருந்தது. ‘மலாந்தேன் பதில் சொல்லமாட்டார்’ என்று ஒரு வாக்கியம். அன்று பதில் சொல்ல மறுத்தார் என்பதுதான் நண்பர் நினைத்த பொருள். படிக்கிறவருக்கு இரண்டு வேறு பொருள் வரும்: இனிமேல் சொல்லப்போவதில்லை, அல்லது அவர் எப்போதுமே பதில் சொல்லாத பேர்வழி. ஒரு தடவை நடந்த மறுப்பை ‘பதில் சொல்ல மறுத்தார்’ என்றோ ‘பதிலே சொல்லவில்லை’ என்றோதான் எழுத முடியும். மாட்டார் கதைசொல்லி வாயில் இறந்தகாலத்துக்கு வரும்போது வழக்கத்தைத்தான் சுமக்கும். இன்னொன்று, அது ஆட்களுக்கு உரியது. பை ‘கிடைக்கமாட்டாது’ அல்ல, ‘கிடைக்காது’.

கதையின் கடைசிப் பகுதியில் இது நன்றாகப் பயன்பட்டது. கிழவர் நாள்முழுக்க வழியில் கண்டவர்களிடமெல்லாம் தன் கதையைச் சொல்லிக்கொண்டே திரிகிறார். அங்கே எழுதியது: ‘தெருவில் கண்டவரை நிறுத்திச் சொல்வார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். மறுத்துப் பேசமாட்டார்கள், நம்பவும் மாட்டார்கள்.’ வழக்கம், வழக்கத்தின் எதிர்மறை, இரண்டும் ஒரே தாளத்தில் விழுகின்றன. பிறகு அவர் படுக்கையில் விழும் இடத்தில் ‘யாரும் நம்பவில்லை’ என்று சம்பவ வடிவத்துக்குத் திரும்பினோம். வழக்கம் முடிந்துவிட்டது, கணக்கு தீர்ந்துவிட்டது என்பதை அந்த வடிவ மாற்றமே உணர்த்துகிறது. ‘நம்புவதில்லை’ என்று போட்டிருந்தால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் உட்கார்ந்து நம்பாமல் இருப்பது போல நிகழ்காலத்துக்கு இழுத்திருக்கும்.

அதே இழுப்பு ‘இன்னும்’ என்ற சொல்லுக்கும் உண்டு. ‘பை இன்னும் கிடைத்திருக்கவில்லை’ என்று இருந்ததை ‘அதுவரை பை கிடைக்கவில்லை’ என்று மாற்றினோம். இன்னும் என்றால் நம் காதில் இந்த நிமிஷம்வரை. கதைக்குள் இருக்கும் நிமிஷத்துக்கு ‘அதுவரை’, ‘அப்போதும்’ போன்ற சொற்கள் உண்டு. எதிர்மறை வினை தன் காலத்தைத் தானே காட்டாததால், பக்கத்தில் நிற்கும் இந்தச் சின்னச் சொல்தான் காலத்தைச் சுமக்கிறது. ‘வந்திருக்கவில்லை’ மாதிரி ஒரு முற்று தேவைப்படுகிறதென்று தோன்றினால், பத்தில் ஒன்பது தடவை அதற்குப் பதில் ஒரு காலச்சொல்தான் தேவைப்படுகிறது.

பையைக் கண்டெடுத்தவர் பண்ணையாள். அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் பையை எஜமானரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நோட்டில் ‘படிக்கத் தெரியாமல் இருந்ததால்’ என்று இருந்தது. அப்படி எழுதினால் அப்போதைக்கு மட்டும் தெரியாமல் இருந்தது, பிறகு தெரிந்துகொண்டார் என்பது போல ஒரு நிழல் விழுகிறது. ‘படிக்கத் தெரியாததால்’ என்றால் அது அவருடைய நிலை. காலம் காட்டாத ‘தெரியாத’ இங்கே குறையல்ல, சௌகரியம்.

நாங்கள் செய்த வேலைமுறை சுலபமானது. நோட்டில் எல்லா வினைமுற்றுகளையும் பென்சிலால் வட்டமிட்டோம். அவற்றை மட்டும் வேறு தாளில் மேலிருந்து கீழாக எழுதினோம். வாக்கியத்தின் மற்ற சொற்கள் மறைந்ததும் ‘கொண்டிருந்தார், கொண்டிருந்தார், இருந்திருந்தார்’ என்ற வரிசை தன் அசிங்கத்தைத் தானே காட்டிக்கொடுத்தது. பிறகு எதிர்மறைகளுக்கு மட்டும் சிவப்புப் பேனா. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சம்பவமா, அனுபவமா, வழக்கமா, மறுப்பா, ஆள்மாற்றமா என்று ஒரு சொல் எழுதினோம். எழுத முடியாமல் கை தயங்கிய இடங்களில் மூலத்தைத் திறந்து பார்த்தோம். கடைசியாக நண்பரின் மனைவியிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினோம். அவருக்கு பிரெஞ்சு தெரியாது. “யார் எடுத்தாங்க?” என்று அவர் நடுவில் கேட்ட ஒரே கேள்வியில்தான் ‘எடுத்தது நானில்லை’யின் பிசகு பிடிபட்டது.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் ஒரே காலத்துக்கு இஸ்திரி போட்டுவிடக் கூடாது. நம்மூர் ஆட்கள் நடந்ததைச் சொல்லும்போது “நான் போறேன், பாக்குறேன், கதவு பூட்டிக் கிடக்கு” என்று நிகழ்காலத்துக்கு மாறுவார்கள். கிழவர் விடுதியில் கயிற்றுக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இடத்தில் அதை அப்படியே வைத்தோம். பாத்திரம் சொல்கிற கதைக்கு அந்த மாற்றம் உயிர். கதைசொல்லியின் நடையில்தான் காரணமில்லாமல் அது நுழையக் கூடாது.

சில இடங்களில் தமிழ் கைவிடும். பிரெஞ்சுக்காரருக்கு எழுத்துக் காலமும் பேச்சுக் காலமுமாக இரண்டு இறந்தகாலங்கள். 1942-இல் காம்யூ ‘அந்நியன்’ நாவலைப் பேச்சு இறந்தகாலத்தில் எழுதியது அந்த மொழியில் பெரிய விஷயம். வெ. ஸ்ரீராம் அதைத் தமிழாக்கினார். ஆனால் தமிழில் இருப்பது ஒரே ‘வந்தான்’தான். அந்த வேறுபாட்டை வினையில் காட்ட முடியாது, வாக்கியத்தின் நீளத்திலும் சொல் தேர்விலும்தான் காட்ட முடியும். இதுபோன்ற இடத்தில் வினையைத் திருகிப் பயனில்லை.

உங்கள் கையில் மொழிபெயர்ப்புக் கதை ஒன்று இருந்தால், முதலில் அதில் உள்ள ‘இல்லை’களை மட்டும் அடிக்கோடிட்டுப் படித்துப் பாருங்கள். மற்ற திருத்தங்கள் அப்புறம்.